அழைக்கும் பெயரும் அறிவிக்கும் பெயரும்

(உபயகாரர்கள் ஒன்றுகூடலில் கோயில் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

நமது கோயிலில் மாதந்தோறும் கார்த்திகையன்று மாலையில் கூட்டு வழிபாடு நடக்கிறது. அதற்கென்று சுப்பிரமணியர் அஷ்டோத்தரத்தின் 108 நாமங்களையும் தமிழில் தந்து ஒரு சிறு நூல் வெளியிட்டோம். அச்சுச் செலவை உங்களில் சிலர் ஏற்றுக்கொண்டீர்கள். தமிழாக்கும் பொறுப்பை, 'வாத்தியார் பார்த்துக்கொள்வார்' என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். அந்த நூலின் முதல் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. அது அச்சகத்தார் செய்த பிழை அன்று. நான் செய்த பிழை. அதைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நூல் வெளிவந்த முதல் கார்த்திகை. வழிபாடு முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். நமது கோயிலுக்குப் பல காலமாக வந்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், கையில் நூலுடன் என்னிடம் வந்தார். மீன்பிடித் தொழிலில் ஈடுபட்ட குடும்பம். ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்துக்கு அவர் வீட்டு உபயம் உண்டு. நூலைத் திறந்து பன்னிரண்டாவது வரியின் மேல் விரலை வைத்து, "வாத்தியாரையா, இதை நான் எப்படிச் சொல்வது? இதில் என்னைத்தானே அழிக்கச் சொல்லியிருக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

பன்னிரண்டாவது நாமம் 'பிசிதாச ப்ரபஞ்ஜநாய நம:' என்பது. 'பிசிதம்' என்றால் ஊன். 'ஆச' என்றால் உண்பவர். 'ப்ரபஞ்ஜந' என்றால் நொறுக்குபவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் சரியாக, 'புலால் உண்போரை அழிப்பவரே போற்றி' என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் சரி. மொத்தமும் தவறு. எங்கே தவறினேன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், ஒரு நாமத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவதா, அல்லது பொருளை எடுத்துத் தமிழில் சொல்வதா என்பதை இரண்டாம் பதிப்பில் எவ்வாறு முடிவு செய்தோம் என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வரியால் 108 வரிகளையும் மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

நூலில் இரண்டு பத்திகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் குருக்கள் சொல்லும் அர்ச்சனை, ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. அதில் நமக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் சொல்வதை நாம் பின்தொடர்வதற்காக மட்டுமே அது. வலப்பக்கம் நாமே சேர்ந்து 'ஓம் ... போற்றி' என்று சொல்ல வேண்டிய தமிழ். கேள்வி எழுவதெல்லாம் இந்த வலப்பக்கத்தில்தான். அங்கே வருவது வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நீண்ட விளக்கம் எழுதினால் கூட்டமாகச் சொல்ல முடியாது. புரியாத ஒலியை எழுதினால் தமிழில் போடுவதற்கே பொருளில்லை.

முதல் வேலை, பெயரைக் கண்டுபிடிப்பது. இது எளிது என்று நினைக்க வேண்டாம். அர்ச்சனையில் ஒவ்வொரு பெயரும் நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. தமிழில் 'கந்தனுக்கு' என்கிறோமே, அதுபோல. 'ஸ்கந்தாய' என்பதில் 'ஆய' என்ற வாலை நீக்கினால் 'ஸ்கந்த' என்ற பெயர் கிடைக்கும். ஆனால் எல்லாப் பெயருக்கும் வால் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஐந்தாவது நாமம் 'ப்ரபவே நம:' என்று வருகிறது. எங்கள் கையெழுத்துப் பிரதியில் ஒருவர் இதைப் 'பிரபவன்' என்று எடுத்து, 'அனைத்தும் தோன்ற மூலமானவர்' என்று அழகாகப் பொருளும் எழுதிவிட்டார். பிரபவன் என்றொரு பெயர் வடமொழியில் உண்டு. ஆனால் அதற்கு நான்காம் வேற்றுமை 'ப்ரபவாய' என்றுதான் வரும். 'ப்ரபவே' என்று வந்தால் பெயர் 'ப்ரபு'. உகரத்தில் முடியும் பெயருக்கு வால் அப்படி. ஆகவே அங்கே இருப்பது தலைவன் என்னும் பொருள் தரும் பிரபுவே. வாலைச் சரியாகப் பிரிக்காவிட்டால், இல்லாத ஒரு நாமத்துக்கு நாம் போற்றி சொல்லிக்கொண்டிருப்போம்.

பெயர் கிடைத்த பிறகு அடுத்த கேள்வி. இது நாம் இறைவனை அழைக்கும் பெயரா, அல்லது இறைவனைப் பற்றி ஒன்றை அறிவிக்கும் பெயரா? அழைக்கும் பெயரின் ஒலியை மாற்றக்கூடாது. அறிவிக்கும் பெயரின் பொருள் மறையக்கூடாது. எங்கள் வழி இவ்வளவுதான். ஆனால் எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் தோட்டப் பள்ளியிலும் பட்டணத்துப் பள்ளியிலும் ஆண்டுக்கணக்கில் காலையில் வருகைப் பதிவேடு எடுத்தவன். எனக்குத் தெரிந்த சோதனை அதுதான். கந்தசாமி, குகன், சண்முகம், விசாகன், குமரன், சுப்பிரமணியம், பிரபு. இவர்கள் எல்லோரும் என் பதிவேட்டில் இருந்திருக்கிறார்கள். ஒரு பெயரைத் தாய் தன் பிள்ளைக்கு வைத்து வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள் என்றால், அது அழைக்கும் பெயர். அதை மொழிபெயர்க்கக் கூடாது. விசாகனை 'விசாக மீனில் பிறந்தவரே' என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்? குகனுக்கு 'இதயக் குகையில் மறைந்திருப்பவர்' என்று பொருள் சொல்வார்கள். நல்ல பொருள். சொற்பொழிவில் சொல்லலாம். ஆனால் வழிபாட்டில் 'குகா போற்றி' என்று சொல்லும்போது வாய்க்குக் கிடைக்கும் நிறைவு அந்த விளக்கத்தில் கிடைக்காது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலியை வைத்துக்கொள்வதிலும் இரண்டு வகை உண்டு. 'ஸ்கந்தா போற்றி' என்று கிரந்த எழுத்தோடு எழுதுவது ஒரு வகை. 'கந்தா போற்றி' என்று எழுதுவது இன்னொரு வகை. வடசொல்லைத் தமிழில் வழங்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தும்படி வழங்க வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதி வகுத்திருக்கிறார். ஸ்கந்தன் கந்தன் ஆனதும், ஷண்முகன் சண்முகன் ஆனதும், ஸுப்ரஹ்மண்யன் சுப்பிரமணியன் ஆனதும் நம் பாட்டன் பூட்டன் வாயிலேயே நடந்து முடிந்துவிட்ட வேலை. நாம் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இடப்பக்கம் 'ஸ்கந்தாய' என்று இருக்கட்டும். வலப்பக்கம் 'கந்தா' என்று இருக்கட்டும். இரண்டும் ஒரே பெயர்தான்.

இனி, பதிவேட்டில் இடம்பெறாத பெயர்கள். 'த்விஷட்புஜ' என்று எந்தப் பிள்ளைக்கும் பெயர் வைத்ததில்லை. 'த்வி' இரண்டு, 'ஷட்' ஆறு, 'புஜ' தோள். இரண்டு ஆறு தோள்கள், அதாவது பன்னிரு தோள்கள். இது ஓர் அழைப்பு அன்று, ஒரு காட்சி. மூலவரைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டிய நாமம் இது. 'பன்னிரு தோளா போற்றி' என்றால் சிறு பிள்ளைகூட நிமிர்ந்து பார்த்து எண்ணத் தொடங்கும். இதை மொழிபெயர்க்கத்தான் வேண்டும்.

இப்படி மொழிபெயர்க்கும்போது, நாமாகப் புதுச் சொல் கட்டுவதற்கு முன், தமிழ் ஏற்கெனவே அந்தப் பெயரால் முருகனை அழைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினோராவது நாமம் 'சக்திதர'. சக்தியை உடையவர் என்று எடுத்துக்கொண்டு 'ஆற்றல் உடையவரே' என்று முதல் பதிப்பில் எழுதிவிட்டேன். ஆனால் வடமொழியில் 'சக்தி' என்ற சொல்லுக்கு ஆற்றல் என்பதோடு வேல் என்றும் பொருள் உண்டு. முருகன் கையில் ஏந்தியிருக்கும் சக்தி எது? வேல். சக்திதரன் என்றால் வேலேந்தியவர். வேலன், வேலவன் என்று தமிழ் எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகிறதே, அதே பெயர். வேலை முன்னால் வைத்துக் கும்பிடுகிற மக்களிடம் போய் வேலை எடுத்துவிட்டு ஆற்றலைக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் பதிப்பில் 'வேலவா போற்றி' என்று திருத்தினோம்.

இதைவிட இனிமையான ஒன்று 'புளிந்த கன்யா பர்த்தா' என்பது. புளிந்தர் என்பது வேடர் குலத்தைக் குறிக்கும். வேடர்குலப் பெண்ணின் கணவர் என்பது நேர்ப்பொருள். அந்தப் பெண் யார்? வடமொழி நாமம் அவள் குலத்தைச் சொல்லி அவளைச் சுட்டுகிறது. நமக்கோ அவள் பெயரே தெரியும். 'வள்ளி மணாளா போற்றி' என்று எழுதிவிட்டு, இதுவரை செய்ததில் இதுதான் சரியான மொழிபெயர்ப்பு என்று என் துணைவியாரிடம் சொன்னேன். "இதற்கு இவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

ஆனால் 'தமிழில் இருக்கிறது' என்பதையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். 'க்ரௌஞ்ச தாரண' என்றால் கிரௌஞ்ச மலையைப் பிளந்தவர். கிரௌஞ்சம் என்பது ஒரு பறவையின் பெயர். பரிபாடலில் இந்த மலையின் பெயரையே மொழிபெயர்த்து, குருகின் பெயர் கொண்ட மலை என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் இருந்த தமிழன்பர் ஒருவர் 'குருகு மலை பிளந்தாய்' என்று போட வேண்டும் என்றார். சங்கத் தமிழ் அவர் பக்கம் இருந்தது. ஆனால் கந்த சஷ்டி சூரசம்ஹாரத்தில் நம் மக்கள் கேட்டிருப்பது கிரவுஞ்ச மலை. குருகு மலை என்றால் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அதனால் 'கிரவுஞ்ச மலை பிளந்தாய் போற்றி' என்று வைத்தோம். பெயர்க்குள்ளே இன்னொருவர் பெயரோ ஊர்ப் பெயரோ மலைப் பெயரோ இருந்தால், அந்த உள்பெயரை அப்படியே வைத்து மற்றதைத் தமிழாக்குவது என்று முடிவு செய்துகொண்டோம். தாரகனைத் தாரகன் என்றே வைத்து, 'தாரகனை வென்றாய்' என்றோம்.

மொழிபெயர்க்க முடியாத ஒரு வகையும் இருக்கிறது. 'தேவஸேநாபதி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தேவ சேனை என்றால் தேவர்களின் படை. பதி என்றால் தலைவர். தேவர் படைத்தலைவர் என்று ஆகும். ஆனால் தேவசேனை என்பது நாம் தெய்வயானை என்று வணங்கும் அம்மையின் பெயரும் ஆகும். பதி என்றால் கணவரும் ஆவார். அப்படியானால் தெய்வயானை மணாளர். இரண்டில் எது சரி? இரண்டும் சரி. ஒரே ஒலிக்குள் இரண்டு பொருளும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மகாபாரதத்தின் வனபர்வத்திலும் முருகன் தேவர் படைக்குத் தலைவராவதும், தேவசேனையை மணப்பதும் அடுத்தடுத்தே வருகின்றன. தமிழாக்கினால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தள்ள வேண்டும். அந்தத் தேர்வைச் செய்ய நான் யார்? 'தேவசேனாபதி போற்றி' என்று ஒலியை அப்படியே விட்டு, அடியில் இரண்டு பொருளையும் சிறிய எழுத்தில் கொடுத்தோம். பொருள் ஒன்றுக்கு மேல் இருந்து, இரண்டும் இறைவனுக்குப் பொருந்துமானால், ஒலியை விடுவதே நேர்மை.

ஒலியை அப்படியே விடுவதில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான்காவது நாமம் 'பாலநேத்ரஸுத'. நேத்ரம் கண். ஸுதன் மகன். 'பால' என்றால்? நம் பினாங்குத் தண்ணீர்மலையில் எழுந்தருளியிருப்பவர் பாலதண்டாயுதபாணி. அங்கே பால என்றால் இளமை. அந்தப் பழக்கத்தில் எங்கள் இளைஞர் பிரிவினர் இந்த நாமத்துக்குக் 'குழந்தைக் கண்ணரின் மகன்' என்று பொருள் எழுதிக் கொண்டுவந்தார்கள். இந்தப் பால வேறு. இங்கே அது நெற்றி. நெற்றிக்கண் உடைய சிவபெருமானின் மைந்தர் என்பது பொருள். வடமொழி எழுத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் முதல் எழுத்தே வேறு. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ப'. அதனால்தான் பழைய பதிப்புகள் சிலவற்றில் க, ச, ட, த, ப எழுத்துகளின் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறிய எண்களைப் போட்டிருப்பார்கள். அவற்றைப் பார்த்து ஒலிக்கப் பழகியவர்கள் இப்போது குறைவு. நெற்றியை நம்முடைய எழுத்து மறைத்துவிடுகிறது என்பதால், இந்த நாமத்தை ஒலியாக விட்டுப் பயனில்லை. 'நெற்றிக்கண்ணர் மைந்தா போற்றி' என்று தமிழில் சொல்லிவிட்டோம்.

அதேபோல் 'அநீச்வர' என்றொரு நாமம். ஒலியை மட்டும் எழுதினால் நம் காதில் எப்படி விழும்? ஈசுவரன் அல்லாதவர் என்று விழும். முருகனைப் போய் அப்படிச் சொல்வதா என்று ஓர் அம்மையார் கேட்டே விட்டார். இதன் பொருள் 'தனக்கு மேல் ஓர் ஈசுவரர் இல்லாதவர்' என்பது. ஒரு சொல் 'அவர் அது அல்லர்' என்று சொல்கிறதா, 'அவருக்கு அது இல்லை' என்று சொல்கிறதா என்பதில் எல்லாம் தலைகீழாகிவிடும். தமிழிலும் 'ஒப்பிலி' என்றால் ஒப்பு அல்லாதவர் என்றா பொருள்? தனக்கு ஒப்பு இல்லாதவர் என்றுதானே பொருள். ஆகவே 'தனக்கொரு தலைவன் இல்லாய் போற்றி' என்று எழுதினோம். ஒலி தவறாக ஒலிக்கும் இடத்தில் பொருளைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது பன்னிரண்டாவது நாமத்துக்குத் திரும்புவோம்.

ஒரு நாமத்தின் பொருள் அதற்குள் மட்டும் இருப்பதில்லை. பக்கத்தில் உள்ள நாமங்களிலும் இருக்கிறது. அகராதியை மூடிவிட்டு, பன்னிரண்டுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று பார்த்தேன். பதினொன்று வேலேந்தியவர். பதின்மூன்று தாரகாசுரனை அழித்தவர். பதினான்கு 'ரக்ஷோபல விமர்தந', அரக்கர் படையைத் தேய்த்தவர். வேலை ஏந்துகிறார், அசுரனை வெல்கிறார், அரக்கர் படையை ஒழிக்கிறார். போர்க்களம் ஒன்று வரிசையாக நடந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவே நம் ஊர் மீன் கடைக்கு என்ன வேலை? 'பிசிதாச' என்பது வடமொழியில் அரக்கருக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று. ஆளைப் பிடித்துத் தின்னும் அரக்கர்களை அவ்வாறு சொல்வார்கள். நாம் 'நிசாசரர்' என்ற சொல்லைக் கேட்கிறோம். இரவில் திரிபவர் என்பது அதன் நேர்ப்பொருள். அரக்கர் என்பது வழக்குப்பொருள். அதை அப்படியே தமிழாக்கி 'இரவில் நடமாடுவோரை அழிப்பவரே' என்று எழுதினால், இரவுமுறை வேலைக்குப் போகிற தொழிலாளி என்ன ஆவார்? அதே தவற்றைத்தான் பன்னிரண்டாவது வரியில் செய்திருந்தேன்.

இன்னொரு சான்றும் என் அலமாரியிலேயே இருந்தது. திருமுருகாற்றுப்படையில், கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசியை முருகனுக்குப் படைத்து வழிபடும் காட்சி வருகிறது. நம் கோயிலில் சைவப் படையல்தான். அந்த முறையை நான் இங்கே பேச வரவில்லை. ஆனால் மலைக்குறவர் அப்படி வழிபட்டதைத் தமிழின் பழைய முருக நூலே குறையாகச் சொல்லாமல் பாடியிருக்கும்போது, ஊன் உண்பவரை எல்லாம் அந்த முருகன் நொறுக்குகிறான் என்று ஒரு வரியை எழுதும்முன் நான் நின்று யோசித்திருக்க வேண்டாமா? ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்கு 'இடம் நோக்கிப் பொருள் கொள்' என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

இரண்டாம் பதிப்பில் அந்த வரி 'கொடிய அரக்கரைக் குலைத்தாய் போற்றி' என்று இருக்கிறது. ஒலியை அப்படியே விட்டுவிடலாமே என்றும் செயலவையில் ஒரு கருத்து வந்தது. பிரச்சினை மறைந்துவிடுமே என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. புரியாத ஒலிக்குள் ஒளித்துவைத்தால், நாளைக்கு இன்னொருவர் அகராதி பார்த்து இதே பொருளைக் கண்டுபிடித்து, 'கோயில்காரர்கள் மறைத்துவிட்டார்கள்' என்பார். தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய நாமத்துக்குச் சரியான பொருளைச் சொல்வதுதான் மருந்து.

திருத்திய நூலின் முதல் படியை நானே அந்தப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று கொடுத்தேன். பன்னிரண்டாவது வரியைப் படித்துப் பார்த்தார். பிறகு, "அப்படியென்றால் இவ்வளவு நாள் குருக்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதானா?" என்று கேட்டார். ஆமாம், இதுதான் என்றேன். "நல்லது" என்று சொல்லி நூலைச் சாமி மாடத்தில் வைத்தார். வேறொன்றும் பேசவில்லை. அவர் வீட்டில் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். எங்களால் முடியாமல் போனதும் உண்டு. 'ஜ்ரும்ப, ப்ரஜ்ரும்ப, உஜ்ஜ்ரும்ப' என்று மூன்று நாமங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மூலச்சொல் விரிவதைக் குறிக்கும். மலர் விரிவதற்கும் அதுதான், வாய் விரிந்து கொட்டாவி வருவதற்கும் அதுதான். கொட்டாவியை விட்டுவிட்டோம், அதில் ஐயமில்லை. 'மலர்வாய், மேன்மேல் மலர்வாய், ஓங்கி மலர்வாய்' என்று எழுதினோம். பொருள் ஓரளவு வந்தது. ஆனால் குருக்கள் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பும் அந்த மூன்று ஒலிகளின் முழக்கம் தமிழில் வரவில்லை. அதை இழந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று வரிகள் வரும்போது இடப்பக்கத்தைப் பார்த்துக் குருக்களின் குரலைக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அம்பாள் சந்நிதிக்கும் இதுபோன்ற நூல் ஒன்று அடுத்து வர இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் கைப்பிரதியைக் கோயில் அலுவலகத்தில் ஒரு மாதம் வைக்கப்போகிறோம். வடமொழி தெரிந்தவர்கள் பார்த்தால் மகிழ்ச்சி. ஆனால் அவர்களைவிட மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். நூலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த வரியில் உங்கள் வாய் தயங்குகிறதோ, எந்த வரி உங்கள் மனத்தைச் சுடுகிறதோ, அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. காரணத்தைத் தேடுவது எங்கள் வேலை. சென்ற முறை அந்தக் கோட்டைப் போட்டவர் ஒரு விரலால்தான் போட்டார். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.